எத்தனை மணி நிலவரம்?

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் வெறும் எண்ணாகப் போடும் வழக்கம் இல்லை. 'காலை 8 மணி நிலவரப்படி' என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்கணக்குக்கு வருவார்கள். அணைக்கு வரும் தண்ணீர் மணிக்கு மணி மாறும் என்பதால், மதியம் பேப்பரைப் புரட்டும் விவசாயி இது காலைக் கணக்கு என்று தெரிந்தே படிக்கிறார். தேர்தல் நாளில் வாக்குப்பதிவு சதவீதத்தையும் 11 மணி நிலவரம், 3 மணி நிலவரம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது கடை முதலாளி, பள்ளித் தாளாளர், ஆஸ்பத்திரி நிர்வாகி என்று பலரும் தங்கள் கணக்குகளை ஃபோனில் ஒரே திரையில் பார்க்கிறார்கள். இன்றைய விற்பனை, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாம் பெரிய எண்களாக, வண்ணப் படங்களாக அதில் தெரியும். அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். அந்தத் திரையில் பல சமயம் எத்தனை மணி நிலவரம் என்பது இருக்காது. அதைவிடக் கெடுதல், நேரம் என்று ஒன்று எழுதியிருந்து அது வேறு எதனுடைய நேரமாகவோ இருப்பது. நேரமே இல்லாவிட்டால் பார்ப்பவர் ஒருமுறை கேட்டுக்கொள்வார். நேரம் எழுதியிருந்தால் நம்பிவிடுவார்.

டேஷ்போர்டில் தெரியும் எண் அங்கே பிறந்தது அல்ல. வேறோர் இடத்தில் இருக்கும் கணக்கின் நகல் அது. அந்த நகலை அவ்வப்போது மூலத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வேலையைத்தான் சிங்க் என்கிறார்கள். சிங்க் நின்றுபோனால் நகல் அப்படியே உறைந்துவிடும். ஆனால் உறைந்த எண்ணும் உயிருள்ள எண்ணும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் சிக்கலே.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் தலைமைக் கடை; பவானி, கோபி, பெருந்துறை மூன்றிலும் கிளைகள். மொத்த மளிகை வியாபாரம். கடை கற்பனைதான் என்றாலும், இதில் நடப்பவை எல்லாம் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் வழக்கமாக நடப்பவை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கம்ப்யூட்டர், அதில் பில் போடும் மென்பொருள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன புரோகிராம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பில்களை இன்டர்நெட் வழியே பொதுவான ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே இன்னொரு புரோகிராம் அரை மணிக்கு ஒருமுறை நான்கு கடைக் கணக்கையும் கூட்டி டேஷ்போர்டில் ஏற்றுகிறது. முதலாளி ஈரோட்டில் இருந்தபடி ஃபோனில் பார்க்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11:20-க்கு, சாலை தோண்டும்போது கேபிள் அறுந்து பவானியில் நெட் போய்விடுகிறது. பில் போட நெட் தேவையில்லை என்பதால் கடையில் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. வியாபாரம் நடக்கிறது. மதியம் ஒரு மணிக்குச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து கடலை எண்ணெய் 45 டின் எடுத்துப் போகிறார். மாலை 4:30 தாண்டி முதலாளி ஃபோனைப் பார்க்கிறார். பவானியில் கடலை எண்ணெய் 58 டின் என்று இருக்கிறது. திரையின் அடியில் சின்ன எழுத்தில் 'கடைசியாகப் புதுப்பித்தது: மாலை 4:30' என்றும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு 40 டின் தருவதாகச் சொல்லி, எடுத்துவர வண்டியைப் பவானிக்கு அனுப்புகிறார். வண்டி போய்ப் பார்த்தால் 13 டின்தான்.

அந்த 4:30 பொய்யா என்றால், பொய் இல்லை. கூட்டிப்போடும் புரோகிராம் 4:30-க்கு ஓடியது உண்மை. புதிய பில் இருக்கிறதா என்று அது சர்வரில் தேடியது. மற்ற மூன்று கடைகளின் பில்கள் இருந்தன, பவானியிலிருந்து ஒன்றும் இல்லை. இருந்ததைக் கூட்டி ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டது. அதன் பார்வையில் எதுவும் தவறவில்லை. பில் வரவில்லை என்பதும் பில்லே போடவில்லை என்பதும் அதற்கு ஒன்றுதான்.

இந்த ஒரு சம்பவத்துக்குள் வெவ்வேறு நேரங்கள் இருக்கின்றன. பவானியில் பில் போட்ட நேரம் ஒன்று. அந்த பில் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் ஒன்று. கூட்டிப்போட்ட நேரம் ஒன்று. முதலாளி ஃபோனைத் திறந்த நேரம் இன்னொன்று. மென்பொருள் எழுதுபவருக்குக் கையில் சுலபமாகக் கிடைப்பது கடைசி இரண்டும்தான். அதனால்தான் பெரும்பாலான திரைகளில் அவையே 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற பெயரில் உட்கார்ந்துகொள்கின்றன. முதலாளிக்குத் தேவைப்படுவதோ வேறு. பவானிக் கணக்கு எந்த மணி வரை முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த நேரத்தையும் எண்ணின் பக்கத்தில் எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கூகுள் ஷீட்டிலேயே கணக்கு வைத்திருக்கும் சிறு கடைகளில் இந்தத் தவறு அப்பட்டமாகத் தெரியும். புதுப்பித்த நேரம் காட்ட வேண்டும் என்றதும் பலரும் முதலில் எழுதுவது கீழே உள்ளதில் முதல் வரியைத்தான்.

```
=NOW()
=MAX(A2:A)
=MAXIFS(A2:A, B2:B, "பவானி")
```

`NOW` என்பது இப்போது மணி என்ன என்று மட்டும் சொல்லும். ஷீட்டில் யார் எதை மாற்றினாலும் அது புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு மாதமாக ஒரு பில்கூட ஏறாத ஷீட்டிலும் இன்றைய தேதியைக் காட்டும். இரண்டாவது வரி, A நெடுவரிசையில் பில் நேரங்கள் இருந்தால் அவற்றில் கடைசி நேரத்தை எடுத்துத் தரும். மூன்றாவது, B நெடுவரிசையில் கடையின் பெயர் இருந்தால் பவானிக்கு மட்டும் தனியே தரும். செவ்வாய்க்கிழமை மாலை மூன்றாவது வரி திரையில் இருந்திருந்தால் காலை 11:12 என்று காட்டியிருக்கும். வண்டி கிளம்பியிருக்காது.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஷீட்டின் அமைப்பு அமெரிக்க வழக்கில் இருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும். ஜூன் 5 என்று நினைத்து 05/06 எழுதினால் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06 என்று எழுதினால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். `MAX` எழுத்துகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாமே எழுத்தாகப் போயிருந்தால் விடை பூஜ்யம். தேதி வடிவில் உள்ள கட்டத்தில் பூஜ்யம் 30-12-1899 என்று தோன்றும். அந்த விசித்திரமான தேதியை எங்காவது பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. யாரோ ஒருவர் ஒரு பில்லில் அடுத்த வருடத்தைத் தவறாகப் போட்டுவிட்டால், அன்று முதல் 'கடைசி நேரம்' அந்த எதிர்காலத் தேதியிலேயே நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடுவதும் நடக்கிற காரியம். அதனால் பில்லில் உள்ள நேரத்தோடு, அது சர்வருக்கு வந்து சேர்ந்தபோது சர்வர் குறித்த நேரத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் பொருந்தாத அளவுக்கு விலகினால் அதைத் திரையில் சொல்ல வேண்டும்.

சரி, கடைசி பில் நேரத்தைக் காட்டினால் போதுமா? கோபியில் மதியம் 2 மணிக்குமேல் ஆள் நடமாட்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பில் 1:50. மாலை 4:30-க்குப் பார்க்கும் முதலாளி, கோபியிலும் நெட் போய்விட்டதோ என்று கவலைப்படுவார். வியாபாரம் இல்லை, தகவல் இல்லை என்ற இந்த இரண்டையும் கடைசி பில் நேரம் பிரித்துக் காட்டாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடும் கடையில் திங்கள் காலை இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாக இருக்கும்.

இதற்கு வழி கிளையிலேயே இருக்கிறது. அங்கே ஓடும் சின்ன புரோகிராம், புதிய பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். 'கோபி, மாலை 4:15 வரை உள்ளதெல்லாம் அனுப்பியாயிற்று' என்பது அந்த வரியின் பொருள். சர்வரில் கடைக்கு ஒரு வரி வீதம் ஒரு சிறு அட்டவணை வைத்து இதைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: பில்கள் பத்திரமாக ஏறிய பிறகே இந்த வரி ஏற வேண்டும். நடுவில் ஏதாவது முறிந்தால் இரண்டுமே ஏறக்கூடாது. நேரத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பில்களை ஏற்றினால், பாதியில் நின்ற நாளிலும் எல்லாம் வந்ததாகத் திரை சொல்லும்.

இப்போது முதலாளி பார்க்கும் திரையில் 'கோபி: மாலை 4:15 வரை வந்துள்ளது. கடைசி பில் பிற்பகல் 1:50' என்று இருக்கும். இதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். கோபியில் இரண்டு மணிநேரமாக வியாபாரம் இல்லை, அவ்வளவுதான். பவானிக்கு 'காலை 11:15 வரைதான் வந்துள்ளது' என்று இருக்கும். அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

நான்கு கடைக்கும் சேர்த்து மேலே ஒரு மொத்த விற்பனை எண் இருக்கிறதே, அதற்கு எந்த நேரத்தைப் போடுவது? மூன்று கடை 4:15, ஒரு கடை 11:15 என்றால் மொத்தத்துக்கு 11:15-தான் நேர்மையான நேரம். பின்தங்கி நிற்கும் கடையின் நேரமே மொத்தத்தின் நேரம். பல நிறுவனங்களில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஒரு கடையால் எல்லாமே பழசாகத் தெரிகிறதே என்பார்கள். அப்படியானால் 'மாலை 4:15 வரை, பவானி மட்டும் காலை 11:15 வரை' என்று முழுதாக எழுதிவிடலாம். வரி நீளமாகிறது என்பதற்காக பவானியை விட்டுவிடுவதுதான் கூடாது. புதிதாகத் திறந்த கிளையையும் மறக்கக்கூடாது. அதற்கு அட்டவணையில் வரியே இல்லையென்றால், எந்தக் கடை பின்தங்கியது என்று பார்க்கும்போது அது கணக்கிலேயே வராது. கடைகளின் பட்டியல் தனியாக இருந்து, அதோடு ஒப்பிட வேண்டும்.

நேரத்தை எப்படி எழுதுவது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். '5 நிமிடம் முன்' என்று எழுதுவது இப்போது பரவலாக இருக்கிறது. படிக்க இதமாக இருந்தாலும் கடைச் சுவரில் நாள் முழுக்கத் தொங்கும் டிவி திரையில் பக்கம் அப்படியே நின்றுவிட்டால், மாலையிலும் '5 நிமிடம் முன்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மேனேஜர் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். முதலாளி அதை இரவு எட்டு மணிக்குப் பார்ப்பார், தம்பிக்கு மறுநாள் அனுப்புவார். படத்துக்குள் இருக்கும் '5 நிமிடம் முன்' எந்த மணியிலிருந்து ஐந்து நிமிடம்? 'செவ்வாய், ஜூன் 10, மாலை 4:15' என்று கிழமையும் தேதியும் காலை மாலையும் சேர்த்து எழுதினால் அந்தப் படம் எத்தனை கை மாறினாலும் பொருள் மாறாது. வேண்டுமானால் பக்கத்தில் 'கால் மணி முன்' என்றும் போட்டுக்கொள்ளலாம், தனியாகப் போடக்கூடாது.

சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய, இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. மாற்றாமல் அப்படியே காட்டினால் மாலை 4:15 என்பது காலை 10:45 ஆகத் தெரியும். அதிகாலை 5:30 வரை தேதியே முந்தைய நாளாக இருக்கும். பவர் பிஐ போன்ற பிரபலமான கருவியிலேயே இது நடக்கிறது. அறிக்கை தயாரிப்பவர் தன் கம்ப்யூட்டரில் `DateTime.LocalNow()` என்று எழுதிப் பார்க்கும்போது சரியாக இருக்கும். அதையே இன்டர்நெட்டில் ஏற்றியதும் ஐந்தரை மணி பின்னால் போய்விடும். ஏனென்றால் அங்கே 'உள்ளூர்' என்பது அந்த சர்வரின் ஊர். இதன் விளைவு நேரப் பிசகோடு நிற்பதில்லை. 'அது எப்பவும் தப்பாத்தானுங்க காட்டும், அஞ்சரை கூட்டிக்கோங்க' என்று கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். அதன்பிறகு உண்மையாகவே கணக்கு பின்தங்கி நிற்கும் நாளில் யாரும் அந்த நேரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதே பவர் பிஐயில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புரோ என்ற சாதாரண உரிமத்தில் நகலாக ஏற்றிய கணக்கை ஒரு நாளைக்கு 8 முறைதான் தானாகப் புதுப்பிக்கும்படி நேரம் குறித்து வைக்க முடியும். ஆக, எல்லாம் சரியாக நடக்கும் நாளிலும் எண்கள் சில மணிநேரம் பழசாக இருப்பது இயல்பு. தொடர்ந்து நான்கு முறை புதுப்பிப்பு தோற்றால், அது அந்த அட்டவணையையே நிறுத்திவிடும். தோல்வி பற்றிய மெயில் அதை அமைத்தவருக்குப் போகும், அறிக்கையைத் தினமும் பார்க்கும் முதலாளிக்கு அல்ல. அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அந்த மெயில் யாரும் திறக்காத பெட்டியில் விழும். திரையில் எண்கள் பழையபடி பளிச்சென்று இருக்கும்.

எவ்வளவு நேரம் தகவல் வராவிட்டால் எச்சரிக்க வேண்டும்? ஈரோட்டுக் கடையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஒருமுறை தவறினால் பதறத் தேவையில்லை, நெட் அப்படித்தான். தொடர்ந்து மூன்று முறை தவறி முக்கால் மணி ஆனால் சொல்ல வேண்டும். கடை இரவு 9:30-க்கு மூடிக் காலை 8 மணிக்குத் திறக்கிறது என்றால் அந்த நேரத்தில் எச்சரிக்கை வரக்கூடாது. தினமும் இரவு சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும். சிவப்பு நிறம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். நிறம் தெரிந்தவருக்கும் சிவப்பு என்றால் விற்பனை குறைவா, ஸ்டாக் குறைவா, தகவல் வரவில்லையா என்று தெரியாது. 'பவானியிலிருந்து காலை 11:15-க்குப் பிறகு தகவல் வரவில்லை' என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. பழைய எண்ணை மறைத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலை 11:15-க்கு 58 டின் இருந்தது என்பதும் பயனுள்ள செய்திதான். எண்ணை மங்கலாக்கி, அதன் நேரத்தை அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே போட்டால் முதலாளி தானே முடிவெடுப்பார். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

ரெஃப்ரெஷ் பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தேகம் வந்தால் எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். பெரும்பாலான டேஷ்போர்டுகளில் அது சர்வரில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். பவானிக் கடைக் கம்ப்யூட்டர் வரை போய்க் கேட்காது. அழுத்தியதும் மேலே நேரம் மட்டும் மாறினால், முதலாளிக்கு வந்த சந்தேகத்தை அந்தப் பட்டனே அழித்துவிடுகிறது. தகவல் நேரம் மாறாத வரை, எத்தனை முறை அழுத்தினாலும் 'காலை 11:15' என்றே காட்டுவதுதான் சரியான திரை.

இவ்வளவு செய்தும், நேரம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எது வரை வந்தது என்று அது சொல்லும், இடையில் எதுவும் விடுபடவில்லை என்று சொல்லாது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா உறுதியான 15,841 பேரின் முடிவுகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றியது. அந்த வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும், அதற்கு மேற்பட்டவை வெளியே நின்றுவிட்டன. எண்ணிக்கை அன்றாடம் வெளிவந்துகொண்டுதான் இருந்தது, தேதியைப் பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

மளிகைக் கடையில் இதற்கு ஒரு சுலபமான காப்பு உண்டு. பில் எண்கள் வரிசையாக ஓடுகின்றன. நேரத்தோடு கடைசி பில் எண்ணையும், அன்று வந்து சேர்ந்த பில்களின் எண்ணிக்கையையும் திரையில் போட வேண்டும். பவானியில் அன்றைய முதல் பில் 2291, கடைசியாக வந்தது 2318 என்றால் 28 பில் இருக்க வேண்டும். 26 என்று காட்டினால் இரண்டு எங்கோ விழுந்துவிட்டன. சந்தேகம் வந்தால் முதலாளி ஃபோன் போட்டு, "தம்பி, இப்பப் போட்ட பில் நம்பர் என்ன?" என்று கேட்கலாம். "ரெண்டாயிரத்து முன்னூத்தி அறுபத்தி ஒண்ணுங்க" என்று கவுன்டரிலிருந்து பதில் வந்தால், எத்தனை பில் இன்னும் வந்து சேரவில்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். ரத்து செய்த பில்லுக்கும் எண் உண்டு என்பதால், அதையும் ரத்து என்ற குறியோடு அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை தினமும் ஒன்றிரண்டு குறைவாகவே காட்டி, விடுபட்ட பில் எது, ரத்தான பில் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.